ஆகஸ்ட் ஆர்-1 தப்பு என்னுடையது, அக்கா

அக்கா,

மதியமே நேரில் சொல்ல வந்தேன். நீங்கள் போனிலேயே இருந்தீர்கள், அப்புறம் ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டீர்கள். நாளை காலை உங்கள் முகத்தைப் பார்ப்பதற்குள் இதை நீங்கள் படித்திருக்க வேண்டும் என்பதால் இப்போதே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பைப் கடையின் ஆகஸ்ட் ஆர்-1ல் மாநிலம் மாறிப் போனது உங்கள் ஷீட்டால் இல்லை, என்னால். முழுக்க என்னால். உங்கள் கஸ்டமர் லிஸ்ட் சரியாக இருந்தது. இன்று சாயங்காலம் நீங்கள் எட்டாம் தேதி எனக்கு அனுப்பிய ஃபைலைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன், அதில் ஒரு தப்புகூட இல்லை.

நடந்தது இதுதான். அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நீங்கள் புதன் முதல் லீவு. போகும்போது, ஷீட்டில் மாநிலம் போடும் காலத்தை மஞ்சளடித்து, "இதைத் தொடாதே, புதுக் கடை வந்தால் மட்டும் ஜிஎஸ்டி நம்பரைப் பார்த்துப் போடு" என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். புதன் ராத்திரி பில்களை ஒட்டியபோது நான்கு வரியில் #N/A வந்தது, ஏனென்றால் அவை இரண்டு புதுக் கடைகளின் பில், அந்தக் கடைகள் லிஸ்டில் இல்லை. நான்கே நான்கு வரி. ஜிஎஸ்டி நம்பரின் முதல் இரண்டு எண்ணைப் பார்த்து, 33ஆ 34ஆ என்று கையால் போட்டிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. நான் அதைச் செய்யாமல், பின்கோடை வைத்து ஒரு ஃபார்முலா எழுதி, மஞ்சள் காலம் முழுக்க மேலிருந்து கீழ்வரை இழுத்துவிட்டேன்.

```
=IF(LEFT(F2,3)="605","34-Puducherry","33-Tamil Nadu")
```

605 என்றால் பாண்டி, மற்றதெல்லாம் தமிழ்நாடு என்று எழுதியிருக்கிறேன். பாண்டியிலேயே பிறந்து வளர்ந்த நான் இதை எழுதியிருக்கக் கூடாது. கோட்டக்குப்பம் 605104, ஆனால் அது விழுப்புரம் மாவட்டம். விழுப்புரம் டவுனே 605602. இந்தப் பக்கம் பாகூர் 607402, கடலூர் மாதிரியே 607ல் தொடங்கும், ஆனால் அது நம்ம புதுச்சேரி. காரைக்கால் 609602, அதற்கும் ஜிஎஸ்டி நம்பர் 34தான். நீங்கள் தினமும் கிருமாம்பாக்கம், கன்னியகோயில் தாண்டி முள்ளோடையில் எல்லையைக் கடந்து போகிறவர், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போனிலேயே நிறுத்தியிருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்களே, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். அது காரணம்தான், சாக்கு இல்லை. ஏனென்றால் கேட்காமலே செய்யக்கூடிய சரியான வழியையும் நீங்கள் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தீர்கள்.

சரிபார்க்காமல் போடவில்லை அக்கா, ஆனால் சரிபார்த்த விதமும் தப்பு. டாலியில் மொத்த வரியை எடுத்தேன், ஆஃப்லைன் டூலில் ஏற்றிய பிறகு வந்த மொத்த வரியைப் பார்த்தேன், இரண்டும் பைசா சுத்தமாக ஒத்துப் போனது. அதை நம்பி வியாழன் மதியம் கடைக்காரரிடம் ஓடிபி வாங்கி ஃபைல் பண்ணிவிட்டேன். நாம் ஏற்றும் ஃபைலில் வரித்தொகைக்கென்று தனிக் காலம் கிடையாது, மதிப்பும் விகிதமும்தான் போகும், எந்த மாநிலம் என்பதை வைத்து ஐஜிஎஸ்டியா, சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டியா என்று டூலே பிரித்துக்கொள்ளும். ஆக மாநிலம் மாறினாலும் மொத்தம் மாறாது. கோட்டக்குப்பம் கடையின் 42,000 ரூபாய் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் ஐஜிஎஸ்டி 7,560. ரிட்டர்னில் சிஜிஎஸ்டி 3,780, எஸ்ஜிஎஸ்டி 3,780. கூட்டினால் அதே 7,560. நான் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தேன், தலைப்பு வாரியாகப் பார்க்கவில்லை.

அதன் விளைவை நான் அனுபவிக்கவில்லை, நீங்கள்தான் அனுபவித்தீர்கள். நேற்று 14ஆம் தேதி 2பி வந்ததும், கோட்டக்குப்பத்துக்காரருக்கு அந்தப் பில் கிரெடிட் கிடைக்காத பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. விற்றவரும் புதுச்சேரி, சப்ளை நடந்த இடமும் புதுச்சேரி, வாங்கியவர் மட்டும் தமிழ்நாடு என்றால் போர்ட்டல் அப்படித்தான் ஒதுக்கும். அவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்களுக்கு அனுப்பினார், விழுப்புரத்துக்காரர்கள் காலை ஒன்பது மணியிலிருந்து உங்கள் போனைக் கீழே வைக்கவிடவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் தூங்காமல் இருந்துவிட்டு வந்த முதல் நாள் அது.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. பத்தரை மணிக்கு நீங்கள் அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோது நான் உங்கள் பின்னால்தான் நின்றிருந்தேன். அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. பதினொரு மணிக்கு சார் உங்களைக் கூப்பிட்டு, "லிஸ்ட் நீங்கள் போட்டதுதானே" என்று எல்லார் முன்னாடியும் கேட்டார். நீங்கள், "நான் பார்க்கிறேன் சார்" என்று மட்டும் சொன்னீர்கள். என் பெயரைச் சொல்லவில்லை. நான் எழுந்து, "ஃபார்முலா போட்டது நான்தான் சார்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஃபைலில் நடந்தது கவனக்குறைவு, ஆனால் இது அப்படியில்லை, தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள் அக்கா.

நீங்கள் கிளம்பியதும் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். உங்கள் பழைய ஃபைலையும் நான் மாற்றிய ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினேன். காலையில் உங்களிடம் கேட்டது தவறு என்று அவரே சொன்னார், நாளை உங்களிடம் பேசுவதாகவும் சொன்னார். எல்லார் முன்னாடியும் கேட்டதால், நாளை காலை எல்லாரும் வந்ததும் நானும் அங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட நினைத்தேன், உங்களைக் கேட்காமல் போட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது சரிசெய்வது பற்றி. மொத்தம் 64 பில்லில் 23 தப்பு: விழுப்புரம் 9, கோட்டக்குப்பம் 7, பாகூர் 5, காரைக்கால் 2. இந்த எண்ணிக்கையை டாலியில் இருக்கும் பில்லோடு வைத்து இரண்டு தடவை பார்த்துவிட்டேன். கடைக்காரர் கொடுத்த பில்லில் எல்லாம் வரி சரியாகத்தான் இருக்கிறது, நம் ரிட்டர்னில்தான் கோளாறு. அதனால் யாரும் பில்லை மாற்ற வேண்டியதில்லை. இன்னும் 3பி போடவில்லை என்பது பெரிய ஆறுதல். போட்டிருந்தால் ஐஜிஎஸ்டியை மறுபடி கட்டிவிட்டு, தப்பான தலைப்பில் போனதை ரீஃபண்டாகக் கேட்டு அலைய வேண்டியிருக்கும், அதற்கு வட்டி கிடையாது என்றாலும் கடைக்காரர் பணம் முடங்கிவிடும். இப்போது 1ஏ போட்டே திருத்திவிடலாம். வாங்கியவரின் ஜிஎஸ்டி நம்பரைத்தான் அதில் மாற்ற முடியாது, மாநிலத்தை மாற்றலாம். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு தடவைதான் 1ஏ போட முடியும் என்பதால் 23ஐயும் ஒன்றாகத்தான் போடப்போகிறேன், பாதி இன்று பாதி நாளை என்று இல்லை. நாளை முழுக்க என்ட்ரி, புதன் காலை சார் பார்த்ததும் ஃபைலிங். 3பிக்கு 20 வரை நேரம் இருக்கிறது, 18ஆம் தேதியே போட்டுவிடலாம்.

ஒன்றை மட்டும் என்னால் சரிசெய்ய முடியாது, அதை மறைக்க விரும்பவில்லை. 1ஏ திருத்தம் வாங்கியவர்களுக்கு அடுத்த மாத 2பியில்தான் தெரியும், அதாவது அக்டோபர் 14க்குத்தான். ஆக கோட்டக்குப்பத்துக்காரரும் விழுப்புரத்துக்காரர்களும் இந்த மாதம் அந்தக் கிரெடிட் இல்லாமல் வரியைக் கையிலிருந்து கட்ட வேண்டும். இதற்காகப் பைப் கடைக்காரரிடம் ஆறு மணிக்குப் பேசினேன். முதலில் சத்தம் போட்டார், அது நியாயம்தான். கடைசியில், அந்த 16 பில்லிலும் வரித் தொகையை மட்டும் அடுத்த மாதம் வாங்கிக்கொள்வதாக ஒத்துக்கொண்டார். கோட்டக்குப்பத்துக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. உங்களைத் திட்டியதற்கு வருத்தப்பட்டார், "அந்தம்மாகிட்ட சொல்லிடுப்பா" என்றார். விழுப்புரம் கடைகளில் ஆறு பேரிடம் பேசியாகிவிட்டது, மூன்று பேர் போன் எடுக்கவில்லை, காலையில் திரும்பப் பேசுகிறேன். பாகூர், காரைக்கால் கடைகளுக்குக் கிரெடிட் தலைப்பு மாறித் தெரிகிறது, அவர்கள் கணக்கர்களிடமும் விஷயத்தைச் சொல்லி, என்ன செய்யப்போகிறோம் என்று மெசேஜ் போட்டுவிட்டேன். இனி இது சம்பந்தமாக யார் கூப்பிட்டாலும் என் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். எல்லாருக்கும் என் நம்பரை அனுப்பியும் இருக்கிறேன்.

ஷீட்டில் உங்கள் மஞ்சள் காலத்தை அப்படியே பழையபடி வைத்துவிட்டேன், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறேன், பாஸ்வேர்டைத் தனியாக உங்களுக்கு அனுப்புகிறேன். பக்கத்தில் சோதனைக்கு ஒரு காலம் மட்டும் சேர்த்திருக்கிறேன், அது உங்கள் காலத்தை மாற்றாது:

```
=IF(LEFT(B2,2)=LEFT(H2,2),"","பார்")
```

ஜிஎஸ்டி நம்பரின் மாநிலமும் மஞ்சள் காலத்தின் மாநிலமும் வேறாக இருந்தால் "பார்" என்று வரும். வந்தால் தப்பு என்று அர்த்தமில்லை, சரக்கு வேறு மாநிலத்தில் இறங்கியிருந்தால் வேறாகத்தான் இருக்கும், அந்தப் பில்லை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு மட்டும். ஆகஸ்ட் ஃபைலில் ஓட்டிப் பார்த்தேன், நான் கெடுத்த 23லும் வந்தது. அதோடு, ஃபைல் பண்ணுவதற்கு முன் ஐஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி மூன்றையும் தனித்தனியாக டாலியோடு ஒத்துப்பார்த்து, அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து ஃபைலில் வைக்கப்போகிறேன், என் கையெழுத்தோடு. இந்த மாதம் நான் போட்ட மற்ற இரண்டு கடைகளையும் இதே மாதிரி பார்த்துவிட்டேன், அவற்றில் பின்கோடு ஃபார்முலா போடவில்லை, சரியாக இருக்கிறது.

நீங்கள் இதில் எதுவும் செய்ய வேண்டாம் அக்கா, சரிபார்க்கவும் வேண்டாம், சார் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். நாளை அம்மாவுக்குக் கட்டுப் பிரிக்கும் நாள் என்று சொன்னீர்கள், அதற்கு லீவு கேட்கத் தயங்கினீர்கள் என்பதும் தெரியும். சாரிடம் அதையும் சொன்னேன், மதியத்துக்கு மேல் நீங்கள் போகலாம் என்றார். உங்கள் மேஜையில் இருக்கும் பேக்கரி பில் கட்டை மட்டும் என் பக்கம் வைத்துவிட்டுப் போங்கள், என்ட்ரி போட்டு வைக்கிறேன். மஞ்சள் காலத்தைத் தொட மாட்டேன்.

நாளை எட்டரைக்கே ஆபீஸில் இருப்பேன்.