இரத்தசோகை, எலும்பு நோய்கள்: நோய்க்குறியியல் தேர்வுக்கான ஒப்பீட்டு அட்டவணைகள்

தருமபுரியில் இரண்டாம் ஆண்டு மருத்துவம் பயிலும் மாணவர்கள் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் திருப்பிப் பார்ப்பதற்காக இவ்வட்டவணைகள் தொகுக்கப்பட்டுள்ளன. நம் மாவட்டத்து வார்டுகளில் அடிக்கடி காணப்படுபவையும், ஒன்றையொன்று ஒத்திருப்பதால் விடைத்தாளில் குழப்பத்தை உண்டாக்குபவையுமான நோய்களையே இதில் சேர்த்திருக்கிறேன்.

அட்டவணை 1: இரத்தசோகைகள்

| | இரும்புச்சத்துக் குறைபாடு | பீட்டா தலசீமியா மைனர் | சிக்கிள் செல் நோய் |
|---|---|---|---|
| காரணம் | அதிக மாதவிடாய், கொக்கிப்புழு போன்றவற்றால் நீடிக்கும் இரத்த இழப்பும், உணவில் இரும்பு குறைவதும் காரணமாகின்றன. | 11ஆம் குரோமோசோமிலுள்ள பீட்டா குளோபின் மரபணு ஒன்றில் பிறழ்வு இருப்பதால் சங்கிலி உற்பத்தி குறைகிறது. | பீட்டா சங்கிலியின் 6ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் அமைகிறது. |
| அறிகுறிகள் | வெளிறல், கரண்டி போல் குழிந்த நகம், நாக்கு அழற்சி, மண் தின்னும் விருப்பம் ஆகியவை காணப்படும். | பெரும்பாலும் அறிகுறி இராது. இலேசான சோகை மட்டும் இருக்கும். | குழந்தைகளுக்குக் கை, கால் வீக்கமும், பின்னர் கடும் வலி நெருக்கடிகளும் வரும். மண்ணீரல் நாளடைவில் சுருங்கிவிடும். |
| பரிசோதனை | எம்.சி.வி., ஃபெரிட்டின் குறையும், டி.ஐ.பி.சி., ஆர்.டி.டபிள்யூ. உயரும், ஸ்மியரில் பென்சில் செல்கள் தெரியும். | எம்.சி.வி. குறையும், ஆனால் சிவப்பணு எண்ணிக்கை குறையாது, எச்.பி.ஏ.2 3.5 சதவீதத்தைத் தாண்டும். டார்கெட் செல்கள் தெரியும். | சிக்கிளிங் சோதனை நேர்மறையாகும், எச்.பி.எல்.சி. நோயை உறுதி செய்யும். |
| சிகிச்சை | இரத்த இழப்பை நிறுத்த வேண்டும். ஹீமோகுளோபின் இயல்பான பிறகும் சுமார் 3 மாதம் இரும்பு தர வேண்டும். | சிகிச்சை தேவையில்லை. மரபியல் ஆலோசனை கட்டாயம் வேண்டும். | ஹைட்ராக்ஸியூரியா, ஃபோலிக் அமிலம், நிமோகாக்கல் தடுப்பூசி தரப்படும். நெருக்கடியில் நீரேற்றமும் வலி நிவாரணமும் அளிக்க வேண்டும். |

முதல் இரண்டு பத்திகளைப் பிரித்தறியும் இடத்தில்தான் மதிப்பெண்ணும் இருக்கிறது, நோயாளியின் நலனும் இருக்கிறது. இவ்வாறு ஒரு வினா வருவதாகக் கொள்வோம்: அரூர்ப் பகுதியைச் சேர்ந்த 22 வயதுக் கர்ப்பிணி ஒருவர் மூன்று மாதமாகத் தவறாமல் இரும்பு மாத்திரை உட்கொண்டும் அவருடைய ஹீமோகுளோபின் 9.8 கிராமிலேயே நிற்கிறது, எம்.சி.வி. 63, சிவப்பணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 52 இலட்சம், ஃபெரிட்டின் 48. மெண்ட்சர் குறியீட்டுக்கு எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (பத்து இலட்சங்களில்) வகுக்க வேண்டும்.

```
63 ÷ 5.2 = 12.1
```

விடை 13-க்குக் கீழ் வருவதாலும், ஃபெரிட்டின் குறையாமல் இருப்பதாலும், தலசீமியா மைனரையே முதலில் எழுத வேண்டும். அடுத்த வரியில் எச்.பி.எல்.சி. சோதனையையும், அதற்கடுத்ததாகக் கணவரின் பரிசோதனையையும் குறிப்பிட வேண்டும். இருவரும் மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் தலசீமியா மேஜர் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கணவரின் பரிசோதனையை விட்டுவிடும் விடையை நான் முழுமையான விடையாகக் கருதமாட்டேன். இரும்புக் குறைபாடும் சேர்ந்திருந்தால் எச்.பி.ஏ.2 அளவு தாழ்ந்து காட்டக்கூடும் என்பதால், இரும்பைச் சரிசெய்தபின் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

தலசீமியா மேஜர் பிறந்த 6 மாதத்துக்குப் பிறகே வெளிப்படும். ஏனெனில் அதுவரை எச்.பி.எஃப். குழந்தையைக் காக்கிறது. கல்லீரல், மண்ணீரல் வீக்கமும், துருத்திய நெற்றியும், மண்டையோட்டு எக்ஸ்ரேயில் முடி குத்திட்டு நிற்பது போன்ற தோற்றமும் அதன் அடையாளங்கள். தொடர் இரத்தமேற்றலும், அதனால் சேரும் இரும்பை அகற்ற டிஃபெராசிராக்ஸும் தரப்படும். குணப்படுத்துவதற்கு எலும்பு மஜ்ஜை மாற்றம் உண்டு.

அட்டவணை 2: எலும்பு நோய்கள்

| | எலும்பு ஃபுளூரோசிஸ் | ஆஸ்டியோமலேசியா | ஆஸ்டியோபோரோசிஸ் |
|---|---|---|---|
| காரணம் | பல்லாண்டுகளாக ஃபுளூரைடு மிகுந்த நீரைக் குடிப்பதால் வருகிறது. | வைட்டமின் டி குறைவால் ஆஸ்டியாய்டில் தாது படிவதில்லை. | முதுமை, மாதவிடாய் நிற்றல், ஸ்டீராய்டு ஆகியவற்றால் எலும்பின் நிறை குறைகிறது. |
| அறிகுறிகள் | முதுகும் மூட்டுகளும் விறைக்கும். | எலும்பு வலியும், தொடைத் தசைத் தளர்ச்சியும், தள்ளாடும் நடையும் காணப்படும். | முறிவு ஏற்படும் வரை அறிகுறி இராது. |
| பரிசோதனை | எலும்பு அடர்த்தி மிகும். சிறுநீரில் ஃபுளூரைடு உயரும். | கால்சியம், பாஸ்பேட் குறையும், ஏ.எல்.பி. உயரும், லூசர் கோடுகள் தெரியும். | இரத்த அளவுகள் இயல்பாகவே இருக்கும். டெக்ஸா டி-ஸ்கோர் -2.5 அல்லது அதற்குக் கீழ் இருக்கும். |
| சிகிச்சை | பாதுகாப்பான நீரும், கால்சியம், வைட்டமின் சி, டி ஆகியவையும் தர வேண்டும். | வைட்டமின் டியும் கால்சியமும் தர வேண்டும். | பிஸ்பாஸ்போனேட்டும் கால்சியமும் தர வேண்டும். |

குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மி.கி. வரை இருக்கலாம் என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மி.கி. வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பியிருந்த நம் ஊர்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே காவிரி நீர் கொண்டுவரப்பட்டதன் நோக்கங்களுள் ஃபுளூரோசிஸைக் குறைப்பதும் ஒன்று. எனினும் ஏற்கெனவே எலும்பில் படிந்ததை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லாததால், விடையில் தடுப்புக்கே முதலிடம் தர வேண்டும்.

எக்ஸ்ரே காட்டப்பட்டால் முதுகெலும்பில் நின்றுவிடாமல் முன்கைப் படத்தையும் பாருங்கள். ரேடியஸுக்கும் அல்னாவுக்கும் இடையிலான சவ்வில் சுண்ணாம்பு படிந்து, எலும்பின் ஓரம் சொரசொரப்பாக, முள் முள்ளாக நீண்டிருந்தால், ஃபுளூரோசிஸ் என்று தயங்காமல் எழுதலாம்.