நெல் ஈரப்பதம் அளப்பது: எட்டு நிமிட உரையின் முதல் நிமிடம்

இடம்: நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு தனியார் அரிசி ஆலை, கொள்முதல் ஷெட். நேரம்: தை மாதம், காலை 8.30, முதல் லோடு கேட்டுக்குள் வருவதற்கு முன். பேசுபவர்: தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர், தாய்மொழி தெலுங்கு. கேட்பவர்கள்: எடை மேடைக்காரர்கள், மாதிரி எடுப்பவர்கள், களத்துப் பொறுப்பாளர், லோடுமேன்கள். கையில் 17, 14 என்று பெரிதாக எழுதிய இரண்டு அட்டைகள். மேசையில் ஈரப்பத மீட்டர், பக்கத்தில் ஒரு மூட்டை நெல்.

சாய்கோடு (/) வந்தால் ஒரு மூச்சு நிறுத்தம். இரட்டைச் சாய்கோடு (//) வந்தால் இரண்டு மூச்சு. அப்போது தாளைப் பார்க்காமல் ஆட்களைப் பார்க்க வேண்டும்.

முதல் நிமிடம்

எல்லாருக்கும் வணக்கம். // என் தாய்மொழி தெலுங்கு. இன்னிக்குத் தமிழ்லயே பேசறேன். / ஏதாவது புரியலைன்னா கையைத் தூக்குங்க, உடனே திரும்பச் சொல்றேன். //

நான் பேசப்போறது ஒரே விஷயம்: / நெல்லோட ஈரப்பதத்தை எப்படிச் சரியா அளக்கறது. //

இதை ஏன் இப்போ பேசறோம்? / சம்பா அறுப்பு நடக்குது. பனி கொட்டுது. காலையில மெஷின்ல அறுத்த நெல் நேரா நம்ம கேட்டுக்கு வருது. / ஒரே லோடை ரெண்டு பேர் அளந்தா ரெண்டு அளவு வருது. / அளவு கூடிப்போனா விவசாயிக்கு நஷ்டம். குறைஞ்சுபோனா மில்லுக்கு நஷ்டம். //

மூணு பகுதியாச் சொல்றேன். / முதல்ல, மாதிரி எடுக்கறது. / ரெண்டாவதா, மீட்டர்ல அளக்கறது. / மூணாவதா, அளவைச் சீட்டுல எழுதறது. //

மொத்தம் எட்டு நிமிஷம். கேள்விக்குத் தனியா அஞ்சு நிமிஷம் இருக்கு, கடைசியில கேளுங்க. // சரி, முதல் பகுதிக்கு வரேன்.

(மூன்று பகுதிகளைச் சொல்லும்போது விரலை ஒவ்வொன்றாக நீட்டவும். இங்கே அவசரப்பட்டால் மூன்றும் ஒரே வாக்கியமாகக் காதில் விழும். பிறகு "ரெண்டாவதா" என்று சொல்லும்போது எதற்கு இரண்டாவது என்று யாருக்கும் பிடிபடாது. மொத்த நிமிடத்திலும் மெதுவாகப் போக வேண்டிய இடம் இதுதான்.)

(பதினேழு என்பதில் ழகரம் சரியாக வராவிட்டால் நிற்க வேண்டாம். டெல்டாவில் பலரும் அதை "பதினேளு" என்றே சொல்கிறார்கள். எண் வரும் இடத்தில் அட்டையைத் தூக்கிக் காட்டினால் போதும்.)

முதலாளியும் கணக்குப் பிரிவும் வந்து உட்கார்ந்தால், "இதை ஏன் இப்போ பேசறோம்" பத்திக்குப் பதில்

இதை ஏன் இப்போ பேசறோம்? / ஒரு கணக்கு சொல்றேன். / 20 சதவீத ஈரத்துல 40 கிலோ மூட்டை வாங்கறோம். அதுல தண்ணி 8 கிலோ, மத்தது 32 கிலோ. / அரைக்கறதுக்கு முன்னாடி 14-க்குக் காயவைக்கறோம். (அட்டை) / அந்த 32 கிலோ மாறாது. அது இப்போ மொத்தத்துல 86 சதவீதம். அப்போ மூட்டை எடை 37 கிலோ 200 கிராம். // ஆறு சதவீதம் குறைஞ்சா 2 கிலோ 400 தானே போகும்னு தோணும். / ஆனா போறது 2 கிலோ 800. / நூறு மூட்டைக்குப் பார்த்தா, அந்த வித்தியாசமே ஏறக்குறைய ஒரு மூட்டை நெல். //

(இந்தப் பத்தி சேர்ந்தால் ஒரு நிமிடம் தாண்டிவிடும். அதனால் தாய்மொழி பற்றிய வரியை விட்டுவிடலாம். அவர்களுக்கு அது தெரியும். மூன்று பகுதிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் சுருக்க வேண்டாம்.)

விவசாயிகளும் நின்று கேட்டால், வணக்கத்துக்கு அடுத்து இதைச் சேர்க்க

நெல் கொண்டு வந்திருக்கிற அண்ணன்மாரும் வாங்க, இப்படி முன்னாடி நின்னு பாருங்க. / உங்க நெல்லை நாங்க எப்படி அளக்கறோம்னு உங்களுக்கும் தெரியணும். / அரசு கொள்முதல் நிலையத்துக்கு மத்திய அரசு வெச்சிருக்கிற வரம்பு 17 சதவீதம். (அட்டை) சில வருஷம் மழையைப் பார்த்துத் தளர்த்துவாங்க. / இங்க நாங்க அளக்கற முறையை இன்னிக்கு உங்க கண் முன்னாடியே காட்டறேன். //

வண்டி வரிசையில் நின்றுவிட்டால், அரை நிமிடத்தில்

வணக்கம். வண்டி நிக்குது, சுருக்கமாச் சொல்றேன். / விஷயம்: ஈரப்பதம் அளக்கறது. / மூணே பகுதி: மாதிரி, மீட்டர், சீட்டு. / இப்போ மாதிரி மட்டும் பார்க்கறோம். மத்த ரெண்டும் சாயங்காலம். //

நடுவில் தடங்கல் வந்தால்

யாராவது முன்கூட்டியே கேள்வி கேட்டால்: நல்ல கேள்விண்ணே. அது ரெண்டாவது பகுதியில வருது. அங்க நானே உங்களைக் கூப்பிடறேன். (அந்த இடம் வந்ததும் மறக்காமல் அவரைப் பார்த்து "நீங்க கேட்டீங்களே" என்று தொடங்க வேண்டும். சொன்னதை விட்டுவிட்டால் அடுத்த முறை அவர் கேட்கவே மாட்டார்.)

வார்த்தை வராமல் நின்றால்: ஒரு நிமிஷம், / இதை வேற மாதிரி சொல்றேன். (உடனே பொருளைக் கையில் எடுத்துக் காட்டவும்.)

உலர்த்தி ஓடத் தொடங்கிச் சத்தம் வந்தால்: சத்தம் அதிகமா இருக்கு, எல்லாரும் ரெண்டு அடி முன்னாடி வாங்க. // மறுபடி சொல்றேன், மொத்தம் மூணு பகுதி.

தாமதமாக வருபவருக்கு: வாங்கக்கா. / ஈரப்பதம் அளக்கறதைப் பத்திப் பேசறோம். இப்போ முதல் பகுதியில இருக்கோம்.

முதல் நிமிடத்திலிருந்து முதல் பகுதிக்குள்

முதல் பகுதி, மாதிரி எடுக்கறது. // இங்கதான் தப்பு அதிகம் நடக்குது. மீட்டர் மேல பழி போடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. /

(மூட்டையைத் தொட்டு) வண்டியில மேல இருக்கிற நெல் காத்துலயும் வெயில்லயும் காஞ்சிருக்கும். நடுவுலயும் அடியிலயும் ஈரம் அப்படியே இருக்கும். / மேல மட்டும் கையை விட்டு அள்ளினா அளவு குறைவா வரும். / அதனால மேல, நடு, அடி, மூணு இடத்துலயும் எடுக்கணும். ஒரே தட்டுல கொட்டி, கருக்காயும் வைக்கோல் துண்டும் எடுத்துட்டு, நல்லாக் கலக்கணும். // களத்துல வெயில்ல கிடந்து சூடா வந்த நெல்லா? நிழல்ல ஆறவிட்டுத்தான் மீட்டர் பக்கம் கொண்டுபோகணும். சூட்டோட போட்டா அளவு தப்பும். // கலந்த அந்த நெல்லைத்தான் மூணு தடவை மீட்டர்ல போடப்போறோம். /

முதல் பகுதி முடிஞ்சுது. // இப்போ ரெண்டாவது பகுதி, மீட்டர். / (மீட்டரைத் தூக்கி) முதல் வேலை, கிண்ணத்துல நேத்து நெல்லோட தூசி, உமி ஒட்டியிருக்கான்னு பார்க்கறது. ரெண்டாவது, திரையில தானியம் "நெல்"னு இருக்கான்னு பார்க்கறது. "அரிசி"ன்னு இருந்தா வர்ற எண்ணை நம்பவே கூடாது. // இப்போ நான் அளந்து காட்டறேன். எண் வந்ததும் நீங்களே சத்தமாப் படிங்க.