விறைப்பின்போது இடப்பக்கம் சாய்கிறது: இது குறையா?

அன்புள்ள தம்பிக்கு,

உங்களுக்கு 24 வயது என்றும், விறைப்பின்போது ஆணுறுப்பு சற்றே இடப்பக்கம் வளைவது பருவ வயதிலிருந்தே அப்படித்தான் என்றும், வலியோ வேறு தொல்லையோ இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது இயல்பானதே, நோயும் அல்ல, குறையும் அல்ல.

ஆணுறுப்பினுள் நீளவாக்கில் அருகருகே இரண்டு பஞ்சு போன்ற திசுத்தண்டுகள் உள்ளன. அவற்றில் இரத்தம் நிரம்பும்போதுதான் விறைப்பு உண்டாகிறது. அந்தத் தண்டுகளைச் சுற்றியுள்ள உறுதியான உறை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் விரிவதில்லை என்பதால், குறைவாக விரியும் பக்கம் நோக்கி உறுப்பு சாய்கிறது. இடம், வலம், மேல், கீழ் என எந்தத் திசையிலும் இச்சாய்வு இருக்கலாம். அம்புபோல் நேராக இருப்பவர்களைவிடச் சற்று வளைந்திருப்பவர்களை நான் மிகுதியாகப் பார்த்திருக்கிறேன்.

கடிகாரத்தில் 12 மணிக்கும் 11 மணிக்கும் உள்ள இடைவெளி 30 பாகை. நீங்கள் கூறும் சாய்வு அதில் பாதிகூட இராது என்று உங்கள் விவரிப்பிலிருந்து தோன்றுகிறது. வளைவு 30 பாகையைத் தாண்டினாலும், உறவுக்கு இடையூறோ வலியோ இல்லையெனில் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது.

கைப்பழக்கத்தால் இப்படி ஆகிவிட்டதோ என்று இரண்டு ஆண்டுகளாக உறக்கமின்றித் தவிப்பதாக நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. கைப்பழக்கத்தால் இத்தகைய இயல்பான வளைவு உண்டாவதில்லை. அந்த அச்சத்தை வைத்தே பிழைப்பு நடத்துபவர்கள், விடுதி அறைகளில் அமர்ந்து லேகியமும் தைலமும் விற்கிறார்கள். நீங்கள் 4,500 ரூபாய் கொடுத்து வாங்கிய தைலத்தால் வளைவு நிமிராது, தோல் எரிச்சல்தான் மிஞ்சும். அதை இன்றே நிறுத்திவிடுங்கள். கையால் எதிர்ப்பக்கம் மடக்கி நிமிர்த்த ஒருபோதும் முயலாதீர்கள், ஏனெனில் விறைத்த உறுப்பை வலிந்து மடக்கினால் அந்த உறையே கிழிந்துவிடக்கூடும். அப்படி ஏதேனும் நேர்ந்து, 'படக்' என்ற ஓசையுடன் விறைப்பு சட்டென அடங்கி வீக்கமும் கருநீலமும் தோன்றினால், தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

இதுவரை இல்லாத வளைவு புதிதாகத் தோன்றினாலோ, இருக்கும் வளைவு கூடிக்கொண்டே போனாலோ, விறைப்பின்போது வலித்தாலோ, தோலுக்கடியில் கெட்டியான தழும்பு விரலில் தட்டுப்பட்டாலோ சிறுநீரகவியல் மருத்துவரைப் பாருங்கள். பெய்ரோனி நோய் எனப்படும் அந்த நிலை பெரும்பாலும் நடுத்தர வயதிலும் அதற்குப் பிறகுமே வருகிறது. சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கமாக இருந்து, உறுப்பும் கீழ்நோக்கி வளைந்தால் அதையும் காட்ட வேண்டும். உங்களுக்கு அப்படி இல்லை என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

தை மாதத்தில் உறுதியாகியுள்ள திருமணத்தை இதன்பொருட்டுத் தள்ளிப்போட வேண்டிய தேவை ஏதுமில்லை. உறவின்போது எந்த நிலை இருவருக்கும் இதமாக இருக்கிறது என்பதை நீங்களும் உங்கள் மனைவியும் பேசி அறிந்துகொள்ளலாம். இவ்வளவு சிறிய சாய்வு அவருக்குத் தெரியாமலே போகவும் கூடும்.