2026 புத்தாண்டு வாழ்த்துகள்!

அன்புள்ள சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும்,

முன்பக்கப் படத்தில் ஐந்து பேரும் ஒழுங்காகச் சிரிக்கிறோம் அல்லவா? அது 37-ஆவது தடவை எடுத்தது. மற்ற 36-லும் யாராவது கண்ணை மூடியிருந்தோம், பெரும்பாலும் நான்தான்.

உள்ளே, கையில் மாவுக்கட்டோடு இளிப்பவன் கவின். ஜூனில் சைக்கிள் பழகினான். கை கூடிவிட்டது, சைக்கிளும் வந்துவிட்டது. நிலா பள்ளி இறுதித் தேர்வு எழுதினாள். மதிப்பெண்ணைப் போடக் கூடாதாம். என்னைவிட உயரமாகிவிட்டதை மட்டும் கட்டாயம் எழுதச் சொன்னாள்.

வீடு மாறினோம். மூன்று பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை.

கடைசிப் படத்தில் அப்பா. மார்ச்சில் எடுத்தது; ஆகஸ்டில் போய்விட்டார். அந்த வாரம் ஓடி வந்து கூட நின்றவர்களுக்கும், இன்றுவரை அம்மாவுக்குத் தவறாமல் போன் செய்கிறவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அம்மா இப்போது எங்களோடுதான். கவினுக்குச் சதுரங்கம் சொல்லித்தருகிறார். பேரன் என்று விட்டுக்கொடுப்பதெல்லாம் கிடையாது.

புத்தாண்டு உங்கள் எல்லோருக்கும் நல்லபடியாக அமையட்டும். உங்கள் வீட்டுப் படத்தையும் அனுப்புங்கள், கண் மூடியிருந்தாலும் சரி.

அன்புடன்,
செல்வி, முருகேசன், நிலா, கவின், அம்மா