ஒப்பீட்டு நன்மை: வினாத்தாளும் விடை விளக்கமும்

மதுரை. பி.ஏ. பொருளியல், பன்னாட்டுப் பொருளியல் தாள், அலகுத் தேர்வு.
நேரம்: 40 நிமிடம். மொத்தம்: 20 மதிப்பெண்.

எல்லாக் கேள்விக்கும் விடை எழுத வேண்டும். படிகளைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான். அட்டவணை 1-இல் உள்ள எண்கள் கணக்கு போட வசதியாக வைத்தவை. அவற்றை யாரும் புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அட்டவணை 1: ஒரு தொழிலாளி ஒரு மாதத்தில் உற்பத்தி செய்யும் அளவு

| நாடு | சுங்குடிச் சேலை | தேயிலை (கிலோ) |
|---|---|---|
| இந்தியா | 10 | 20 |
| இலங்கை | 4 | 16 |

இரண்டு நாட்டிலும் தலா 100 தொழிலாளர்கள். வாணிபம் இல்லாதபோது இரு நாடுகளும் 50 பேரைச் சேலைக்கும் 50 பேரைத் தேயிலைக்கும் விடுகின்றன.

1. (அ) முழு நன்மை யாருக்கு, எந்தப் பண்டத்தில்? (1)
(ஆ) இரு நாட்டிலும் ஒரு சேலையின் வாய்ப்புச் செலவு, ஒரு கிலோ தேயிலையின் வாய்ப்புச் செலவு ஆகியவற்றைக் கண்டு, ஒப்பீட்டு நன்மை யாருக்கு எதில் என்று எழுதுக. (3)
(இ) ஒரு சேலைக்கு எத்தனை கிலோ தேயிலை என்ற வாணிப வீதம் எந்த எல்லைக்குள் இருந்தால் இருவருக்கும் லாபம்? (2)
(ஈ) இலங்கை முழுக்கத் தேயிலைக்கும் இந்தியா முழுக்கச் சேலைக்கும் போனால் மொத்த உற்பத்தி என்ன ஆகும்? இரண்டு பண்டமும் கூட வேண்டுமானால் இந்தியா என்ன செய்ய வேண்டும்? வாணிப வீதம் 1 சேலைக்கு 3 கிலோ என்று வைத்து இரு நாட்டின் லாபத்தையும் காட்டுக. (4)

2. டேவிட் ரிக்கார்டோ 1817-இல் தந்த எண்கள் இவை. ஓர் ஆண்டில் ஓர் அலகு உற்பத்தி செய்யத் தேவைப்படும் ஆட்கள்: இங்கிலாந்தில் துணிக்கு 100, ஒயினுக்கு 120; போர்ச்சுகலில் துணிக்கு 90, ஒயினுக்கு 80. யார் எதை ஏற்றுமதி செய்வார்? ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டால் யாருக்கு எவ்வளவு உழைப்பு மிச்சம்? (4)

3. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சேலை போய்த் தேயிலை வந்து சேர ஆகும் கப்பல் கூலி, ஒரு சேலைக்கு 1 கிலோ தேயிலை மதிப்பு. அட்டவணை 1-இன்படி வாணிபம் நடக்குமா? கூலி எந்த அளவைத் தொட்டால் நின்றுபோகும்? (2)

4. "எல்லாவற்றிலும் திறன் குறைந்த இலங்கையால் நம்மோடு போட்டி போட முடியாது" என்கிறார் ஒருவர். "அங்கே கூலி குறைவு, அதனால் நமக்குத்தான் நட்டம்" என்கிறார் இன்னொருவர். இலங்கையில் மாதக் கூலி 100 ரூபாய் என்று ஒரே நாணயத்தில் வைத்துக்கொண்டு, இந்தியக் கூலி எந்த எல்லைக்குள் நிற்கும் என்று கண்டு இருவருக்கும் பதில் எழுதுக. (3)

5. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு ரிக்கார்டோவின் எந்த அனுமானத்தோடு மோதுகிறது? (1)

விடை விளக்கம்

1 (அ) சேலையில் 10-க்கு 4, தேயிலையில் 20-க்கு 16. இரண்டிலும் முழு நன்மை இந்தியாவுக்கே. ஆடம் ஸ்மித் 1776-இல் சொன்ன விளக்கத்தோடு நின்றுவிட்டால், இலங்கை விற்பதற்கு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். இதை ஒரு வரியில் எழுதினால் போதும்.

(ஆ) பலர் சறுக்குவது இங்கேதான். வாய்ப்புச் செலவு என்றால் விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்று பார்ப்பது. அதனால் அட்டவணையில் ஒரே வரிசைக்குள் வகுக்க வேண்டும். மேலும் கீழுமாக, அதாவது நாட்டுக்கு நாடு வகுத்தால் கிடைப்பது வேறு ஒன்று. அது நான்காம் கேள்விக்குத்தான் உதவும்.

இந்தியாவில் ஒரு தொழிலாளி 10 சேலையை விட்டால் 20 கிலோ தேயிலை வரும். ஆக 1 சேலையின் செலவு 2 கிலோ தேயிலை. 1 கிலோ தேயிலையின் செலவு அரைச் சேலை. இலங்கையில் 4 சேலையை விட்டால் 16 கிலோ. ஆக 1 சேலைக்கு 4 கிலோ. 1 கிலோவுக்குக் கால் சேலை.

சேலை இந்தியாவில் மலிவு (2 கிலோ, அங்கே 4). தேயிலை இலங்கையில் மலிவு (கால் சேலை, இங்கே அரை). ஒப்பீட்டு நன்மை இந்தியாவுக்குச் சேலையில், இலங்கைக்குத் தேயிலையில். ஒரு பண்டத்தின் செலவு மற்றதன் தலைகீழ் என்பதால், ஒரே நாட்டுக்கு இரண்டிலும் ஒப்பீட்டு நன்மை வரவே வராது. அப்படி எழுதியிருந்தால் கணக்கை மறுபடி பாருங்கள், எங்கோ பிசகியிருக்கும்.

(இ) இந்தியா ஒரு சேலைக்கு 2 கிலோவுக்கு மேல் கேட்கும். அதற்குக் குறைந்தால் மேகமலையிலேயே பறித்துக்கொள்ளலாம். இலங்கை 4 கிலோவுக்குக் கீழேதான் கொடுக்கும். எனவே 2-க்கும் 4-க்கும் இடையில். சரியாக 2 என்றால் லாபம் முழுவதும் இலங்கைக்கு, 4 என்றால் இந்தியாவுக்கு. இடையில் எங்கே நிற்கும் என்பதை இந்த அட்டவணை சொல்லாது. அதற்கு இருதரப்புத் தேவையும் தெரிய வேண்டும்; ஜான் ஸ்டூவர்ட் மில் சேர்த்த பகுதி அது. '3 கிலோ' என்று மட்டும் எழுதியவர்களுக்கு ஒரு மதிப்பெண். நடுப்புள்ளிக்கு என்று தனிச் சலுகை எதுவும் கிடையாது.

(ஈ) வாணிபத்துக்கு முன்: இந்தியா 500 சேலை, 1000 கிலோ. இலங்கை 200 சேலை, 800 கிலோ. மொத்தம் 700 சேலை, 1800 கிலோ.

இருவரும் முழுக்க மாறினால் 1000 சேலை, 1600 கிலோ. சேலை 300 கூடியது, தேயிலை 200 கிலோ குறைந்தது! பல கைடுகளில் 'இருவரும் முழுமையாக மாறினால் இரண்டுமே பெருகும்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எண்ணைப் போட்டுப் பார்த்தால் அப்படி நடக்கவில்லை. அதற்காகக் கோட்பாடு தவறு என்று பொருளில்லை. தேயிலையிலும் வல்ல இந்தியா அதை முழுக்கக் கைவிட்டதுதான் காரணம். இலங்கையின் 100 பேரும் சேர்ந்து 1600 கிலோவுக்கு மேல் போக முடியாதே.

எனவே இந்தியா கொஞ்சம் பேரைத் தேயிலையில் விட்டுவைக்க வேண்டும். 10 பேர் இருந்தால் 200 கிலோ. மொத்தத் தேயிலை பழையபடி 1800, சேலை 900. தேயிலை குறையாமல் 200 சேலை கூடுதல். 15 பேர் இருந்தால் 850 சேலையும் 1900 கிலோவும், இரண்டுமே கூடிவிட்டது. 10-க்கு மேல், 30-க்குக் கீழ் எந்த எண்ணை எடுத்தாலும் இரண்டும் கூடும். யார் எதை எடுத்திருந்தாலும் முழு மதிப்பெண்.

15 பேர் என்று வைத்து, இந்தியா 250 சேலை கொடுத்து 750 கிலோ வாங்குகிறது:

| நாடு | முன்பு | வாணிபத்துக்குப் பின் | லாபம் |
|---|---|---|---|
| இந்தியா | 500 சேலை, 1000 கிலோ | 600 சேலை, 1050 கிலோ | 100 சேலை, 50 கிலோ |
| இலங்கை | 200 சேலை, 800 கிலோ | 250 சேலை, 850 கிலோ | 50 சேலை, 50 கிலோ |

சரிபார்க்க: 600 + 250 = 850, 1050 + 850 = 1900. மொத்தம் இடிக்கவில்லை. இந்தக் கடைசி வரியைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் பாதிப் பிழை தானாகவே பிடிபடும்.

2. அட்டவணையின் தன்மை இங்கே மாறிவிட்டது. முன்னது ஓர் ஆள் எவ்வளவு செய்வார் என்றது. இது ஓர் அலகுக்கு எத்தனை ஆள் என்கிறது. இங்கே சிறிய எண்தான் திறன். இதைக் கவனிக்காமல் வகுத்தவர்களுக்கு ஏற்றுமதி தலைகீழாக வந்திருக்கும்.

இங்கிலாந்தில் 1 ஒயினின் செலவு 120/100 = 1.2 துணி. போர்ச்சுகலில் 80/90, சுமார் 0.89 துணி. ஒயினைப் போர்ச்சுகல் விற்கும், துணியை இங்கிலாந்து விற்கும். இரண்டிலும் போர்ச்சுகலுக்கே ஆட்கள் குறைவு என்றாலும்கூட. ஒன்றுக்கு ஒன்று என்பது 0.89-க்கும் 1.2-க்கும் இடையில் இருப்பதால் இருவரும் ஒத்துக்கொள்வார்கள். இங்கிலாந்து 120 பேர் வேலையை 100 பேரால் பெறுகிறது, மிச்சம் 20 பேர். போர்ச்சுகல் 90 பேர் வேலையை 80 பேரால் பெறுகிறது, மிச்சம் 10 பேர். மொத்தம் 390 பேர் செய்ததை 360 பேர் செய்கிறார்கள்.

3. இந்தியாவுக்கு குறைந்தது 2, இலங்கை அதிகபட்சம் தருவது 4. நடுவில் உள்ள இடம் 2 கிலோ. அதில் 1 கிலோ கப்பலுக்குப் போனாலும் பங்கிட 1 கிலோ மிஞ்சும், வாணிபம் நடக்கும். கூலி 2 கிலோவைத் தொட்டால் யாருக்கும் எதுவும் மிஞ்சாது, நின்றுவிடும். இறக்குமதித் தீர்வையும் இதே இடத்தைத்தான் தின்னும், ஆனால் அந்தத் தொகை அரசின் கைக்குப் போகிறது. 1998-இல் கையெழுத்தாகி 2000-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையற்ற வாணிப ஒப்பந்தம் தொட்டது இந்தத் தீர்வையைத்தான். கப்பல் கூலியை அல்ல.

4. இலங்கையில் ஒரு சேலைக்கு ஆகும் கூலி 100/4 = 25 ரூபாய், ஒரு கிலோ தேயிலைக்கு 100/16 = 6.25 ரூபாய். இந்தியச் சேலை அங்கே விற்க அது 25-க்குள் இருக்க வேண்டும். அதாவது இந்தியக் கூலி 250-க்குக் கீழ். அங்கிருந்து தேயிலை இங்கே வர, நம் தேயிலை 6.25-க்கு மேல் இருக்க வேண்டும்; அதாவது கூலி 125-க்கு மேல். எல்லை 125 முதல் 250 வரை. கப்பல் கூலி இல்லாமல் வீதம் 3 கிலோ என்றால் கூலி 187.50: சேலை 18.75, தேயிலை 6.25, விகிதம் மூன்று.

முதலாமவருக்குப் பதில்: இலங்கை தேயிலையில் நம்மைவிட 20 சதவீதம் பின்தங்கியிருக்கிறது, கூலியோ அதைவிட அதிகமாகக் குறைந்திருக்கிறது. அதனால் விற்க முடிகிறது. இரண்டாமவருக்கு: கூலி குறைவாக இருப்பதற்குத் திறன் குறைவே காரணம், சேலையில் நம் திறன் இரண்டரை மடங்கு என்பதால், இரு மடங்குக்கு அருகில் கூலி கொடுத்தும் நம்மால் விற்க முடிகிறது. 'போட்டி நியாயமற்றது' என்று மட்டும் எழுதி நிறுத்தியவர்களுக்கு மதிப்பெண் தர வழியில்லை. ஆனால் பழைய வேலையை இழந்த தேயிலைத் தொழிலாளியைப் பற்றிக் கேட்டு எழுதியவருக்கு அரை மதிப்பெண் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். 35 பேர் மறுநாளே முடிச்சுப் போடக் கற்றுக்கொள்வார்கள் என்று அட்டவணை எடுத்துக்கொள்கிறது. மேகமலையிலிருந்து இறங்கி வந்து சேலை முடிச்சு போடுவது அவ்வளவு எளிதல்ல.

5. தொழிலாளர் நாட்டுக்குள் தொழில் விட்டுத் தொழில் மாறுவார்கள், எல்லை தாண்ட மாட்டார்கள் என்பது அனுமானம். இலங்கையில் 1867-இல் வணிக முறையில் தேயிலை தொடங்கியபின் அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் மதுரை, இராமநாதபுரம் உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். அதாவது அட்டவணையின் 16 கிலோ என்ற எண்ணிலேயே நம் ஊர் உழைப்பு கலந்திருக்கிறது. இலங்கையின் நன்மை மண்ணாலும் குளிராலும் மட்டும் அமையவில்லை. 'போக்குவரத்துச் செலவு இல்லை என்ற அனுமானம்' என்று எழுதியிருந்தால் விடை தவறு. அது மூன்றாம் கேள்விக்கு உரியது.

அடுத்த வகுப்புக்கு: இலங்கையில் ஒரு தொழிலாளியின் தேயிலை 16-இலிருந்து 8 கிலோவாகக் குறைந்துவிட்டது, மற்றவை அப்படியே. வாய்ப்புச் செலவு, வாணிப வீத எல்லை, லாபம் மூன்றையும் கண்டு வாருங்கள். கணக்கு மூன்று வரிதான். ஏன் அப்படி ஆகிறது என்பதையும் இரண்டு வரியில் எழுத வேண்டும்.