சிறுபோக காலத்தில் நீர்ப்பாசனக் களப்பயிற்சிக்கு அனுமதி கோரல்

அறிவியல்நகர், கிளிநொச்சி
21.04.2025

துறைத் தலைவர்,
குடிசார் பொறியியல் துறை,
பொறியியல் பீடம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்.

ஊடாக: கல்வி ஆலோசகர், மூன்றாம் வருடம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மூன்றாம் வருட மாணவி. கிளிநொச்சி பிரதி நீர்ப்பாசனப் பணிப்பாளர் அலுவலகத்தில், இரணைமடுக் கிளை வாய்க்கால்களின் நீரோட்டத்தை அளக்கும் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. மே 7 முதல் ஜூன் 26 வரை, புதனும் வியாழனும், மொத்தம் 16 நாட்கள். அலுவலகத்தின் கடிதத்தை இணைத்துள்ளேன்.

விடுமுறையில் செய்யலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். சிறுபோகத் தண்ணீர் வாய்க்காலில் ஓடுவது இந்த மாதங்களில்தான். எங்கள் விடுமுறை வரும்போது துருசு மூடியிருக்கும், வயலில் அறுவடை நடக்கும். அப்போது அளக்க ஒன்றும் இருக்காது.

வகுப்பில் மண் வாய்க்காலுக்கு மானிங் குணகம் 0.025 என்று போட்டுக் கணக்குச் செய்தோம். எங்கள் வயல் முரசுமோட்டையில், வாய்க்கால் கடைசியில் இருக்கிறது. முறைத் தண்ணீர் வரும் இரவுகளில் அப்பா மண்வெட்டியும் டோர்ச்சுமாக வரம்பில் காத்திருப்பார். சில நாள் விடிந்த பிறகுதான் வாய்க்காலில் ஈரம் தெரியும். புல்லும் வண்டலும் மண்டிய அந்த வாய்க்காலுக்கும் 0.025தானா? ஓட்டமானி வைத்து, நானே அளந்து பார்க்க விரும்புகிறேன்.

இதனால் பாதிக்கப்படுவது இரண்டு பாடங்களின் விரிவுரைகள் மட்டுமே. புதன் காலை மண் பொறியியல், வியாழன் காலை நிர்மாண முகாமைத்துவம். ஒவ்வொன்றிலும் 30 மணித்தியாலத்தில் 16 தவறும். மீதி எல்லாவற்றுக்கும் வந்தாலும் வரவு 47 வீதத்தைத் தாண்டாது, பரீட்சைக்கு வேண்டிய 80 வீதம் எட்டாது. ஆகவே அந்த 16 நாட்களிலும் வாய்க்காலில் நின்றதை, மேற்பார்வைப் பொறியியலாளர் ஒவ்வொரு நாளும் ஒப்பமிடும் பதிவேட்டின்படி, அந்த இரு பாடங்களுக்கும் வரவாகக் கணக்கிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். இது பீடச் சபை வரை போக வேண்டிய விடயமென்றால், தாங்கள் சிபாரிசு செய்து அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும்.

வியாழன் பிற்பகல் ஆய்வுகூட வகுப்புக்கு 1.30க்குள் வந்துவிடுவேன், அதில் எந்தச் சலுகையும் கேட்கவில்லை. இரு விரிவுரையாளர்களிடமும் பேசிவிட்டேன். பயிற்சித் தாள்களை அடுத்த திங்களே ஒப்படைக்கச் சொன்னார்கள், சரி என்றேன். இடைப் பரீட்சை ஏதாவது அந்த நாட்களில் வந்தால் களத்துக்குப் போகாமல் பரீட்சைக்கே வருவேன். கட்டாயத் தொழிற்பயிற்சிக்குப் பதிலாகவும் இதைக் கேட்கவில்லை, அதை உரிய காலத்தில் தனியாகச் செய்வேன்.

ஜூலை முதல் வாரத்தில் அளவீடுகளை அறிக்கையாக எழுதித் துறைக்குத் தருவேன். அடுத்து வரும் மாணவர்களுக்கு எங்கள் குளத்தின் எண்களை வைத்தே கணக்குச் செய்யலாம்.

மே 2க்கு முன் முடிவு தெரிந்தால், அலுவலகத்துக்கு உறுதிப்படுத்த வசதியாக இருக்கும். நேரில் வந்து விளக்க எந்த நாளும் தயாராக இருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இ. தர்சினி

இணைப்பு: பயிற்சி ஏற்புக் கடிதம், நேரசூசி