அடிப்படைக் கட்டமைப்பு: எல்.எல்.எம். வைவா ஒத்திகை

முதல் ஆண்டு அரசமைப்புச் சட்டத் தாள். முதல் தேர்வாளர் கேள்வி கேட்பார். இரண்டாமவருக்குக் குறுக்கே பாய்வதுதான் வேலை. மாணவியின் கையில் உரையில்லாத சட்டப் புத்தகம் மட்டும். அடைப்புக்குள் இருப்பது ஒத்திகை நடத்துபவர் இடையில் சொல்ல வேண்டியது.

முதலாமவர்: அடிப்படைக் கட்டமைப்புன்னு எந்த ஆர்ட்டிகிள்ல எழுதியிருக்கு?

மாணவி: எதுலயும் இல்ல சார். அரசமைப்பைத் திருத்தற அதிகாரம் பத்தின 368-ல வர்ற 'திருத்தம்'ங்கிற சொல்லுக்கு 24 ஏப்ரல் 1973-ல கேசவானந்த பாரதி வழக்கு கொடுத்த பொருள் அது. திருத்தின பிறகும் பழைய அரசமைப்பு அடையாளம் தெரியற மாதிரி மிஞ்சணும்.

இரண்டாமவர்: இல்லாததை நீதிபதிகள் எழுதிச் சேர்த்துட்டாங்க. அதுவும் 7-க்கு 6-ல. அப்படித்தானே?

மாணவி: பெரும்பான்மை பெரும்பான்மைதானே சார்...

[நிறுத்துங்கள். இந்தப் பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. எண்ணிக்கையைத் தாங்கிப் பிடிக்க வேண்டாம், பிரித்துக் காட்டுங்கள். மறுபடி.]

மாணவி: ஆறு பேர் உள்ளார்ந்த வரம்பு உண்டுன்னாங்க, ஆறு பேர் வரம்பே இல்லைன்னாங்க. நடுவுல நின்ற நீதிபதி கன்னா உள்ளார்ந்த வரம்புங்கிற வாதத்தை ஏத்துக்கல. 'திருத்தம்'ங்கிற சொல்லுக்குள்ளயே எல்லை இருக்குன்னார். அதனால அவர் சொன்ன அளவுக்குத்தான் தீர்ப்பு. இன்னொன்னு சார்: 1975-ல இந்திரா காந்தி எதிர் ராஜ் நாராயண் வழக்கை விசாரிச்ச அஞ்சு பேர்ல கன்னா தவிர நாலு பேரும் 1973-ல எதிர்ப்பக்கம் எழுதினவங்க. அந்த அமர்வுதான் பிரதமரோட தேர்தலை நீதிமன்றம் விசாரிக்க முடியாதபடி 39-ஆவது திருத்தத்துல வந்த 329ஏ(4)-ஐ ரத்து பண்ணுச்சு.

[இந்த 1975 தகவல் தேர்வாளர் வாயை அடைக்கும். முதலிலேயே கொட்டிவிடாமல் கைவசம் வைத்திருங்கள்.]

முதலாமவர்: கேசவானந்தர் ஜெயிச்சாரா?

மாணவி: பெரும்பாலும் இல்ல சார். 24-ஆவது, 29-ஆவது திருத்தங்கள் நின்னுச்சு. அடிப்படை உரிமைகளைத் திருத்தத்தால பறிக்க முடியாதுன்னு சொன்ன கோலக்நாத் தீர்ப்பு கவிழ்ந்தது. 25-ஆவதுல, 31சி-யின் கீழ் வர்ற அறிவிப்பை எந்த நீதிமன்றத்துலயும் கேள்வி கேட்க முடியாதுங்கிற பகுதி மட்டும் போச்சு.

இரண்டாமவர்: மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்தை யாரும் தேர்ந்தெடுக்காத நீதிபதி தடுக்கலாமா?

மாணவி: அரசமைப்பு மக்களோட விருப்பம், அதை நாடாளுமன்றம்...

இரண்டாமவர்: எந்த மக்கள்? அரசியல் நிர்ணய சபைக்கு வயது வந்த எல்லாரும் ஓட்டு போட்டாங்களா?

[வேண்டுமென்றே வைத்த பொறி. மாகாணச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்த சபை அது. அந்தச் சட்டமன்றங்களே வரையறுத்த வாக்குரிமையில் வந்தவை. ஒப்புக்கொண்டு வாதத்தை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள்.]

மாணவி: போடல சார், ஒத்துக்கறேன். அதனால மக்கள் விருப்பத்துல நான் நிக்கல. 368 கொடுத்த அதிகாரம், கொடுக்கப்பட்ட அதிகாரம். 42-ஆவது திருத்தம் 368(5)-ல 'வரம்பே இல்லை'ன்னு எழுதுச்சு. 1980-ல மினர்வா மில்ஸ் அதை ரத்து பண்ணுச்சு: வரம்புள்ள அதிகாரத்தை வச்சு வரம்பில்லாத அதிகாரத்தைத் தனக்கே எடுத்துக்க முடியாது.

முதலாமவர்: கிஹோடோ ஹொல்லோஹான் வழக்கு, 1992. கட்சித் தாவலைத் தடுக்கற பத்தாவது அட்டவணையோட 7-ஆவது பத்தி ஏன் போச்சு?

மாணவி: அடிப்படைக் கட்டமைப்பை மீறினதால.

[தவறு. பலர் விழும் பள்ளம் இது. அந்தப் பத்தி நீதிமன்றங்களின் அதிகாரத்தைத் தொட்டது, ஆனால் 368(2)-இன் காப்புரை கேட்கும் மாநிலங்களின் ஒப்புதல் பெறப்படவில்லை. அது நடைமுறை வரம்பு. கட்டமைப்பு வரம்பு வேறு.]

இரண்டாமவர்: நடைமுறையாவது தெரியுமா? மாநிலங்களவையில மொத்தம் 245 இடம். 180 பேர் ஓட்டு போட்டு 121 பேர் ஆதரிச்சா?

மாணவி: தோத்துடும் சார். வாக்களிச்சவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு 120, அது தாண்டியாச்சு. ஆனா மொத்த உறுப்பினர்ல பெரும்பான்மைக்கு 123 வேணும். ரெண்டு கணக்கும் ஒரே நேரத்துல தேறணும், மக்களவையிலயும் தனியா.

இரண்டாமவர்: தமிழ்நாட்டோட 69 சதவீத இடஒதுக்கீடு, சட்டங்களை அடிப்படை உரிமை வழக்குகள்லேர்ந்து காக்கற ஒன்பதாவது அட்டவணையில இருக்கு. அப்போ யாரும் தொட முடியாது. சரியா?

மாணவி: சரியில்ல சார். 76-ஆவது திருத்தம் அதை அட்டவணையில சேர்த்தது 1994-ல, அதாவது 24 ஏப்ரல் 1973-க்குப் பிறகு. 2007-ல ஐ.ஆர். கொய்லோ வழக்குல ஒன்பது பேர் அமர்வு, அந்தத் தேதிக்குப் பிறகு சேர்த்த சட்டங்களை அடிப்படைக் கட்டமைப்பு அளவுகோலால சோதிக்கலாம்னு சொல்லுச்சு. அந்த வழக்குக்கு மூலமே கூடலூர் ஜென்மம் நிலச் சட்டம்தான்.

இரண்டாமவர்: அப்போ 69 செல்லாது!

மாணவி: அப்படி நான் சொல்லல சார். சோதிக்கலாம்னா செல்லாதுன்னு அர்த்தமில்ல. அந்தச் சட்டத்தோட விளைவு எந்த அடிப்படை உரிமையை எவ்வளவு தொடுது, அது கட்டமைப்பைக் குலைக்குதான்னு காட்டற பாரம் எதிர்க்கிறவங்களுக்கு.

முதலாமவர்: போதும். அடுத்த ஆளை வரச் சொல்லுங்க.